சிட்னியில் பத்து வருஷம், இங்கே 21 நாள்

வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் சிங்கப்பூரர்களிடம் இண்டர்வியூவில் கேட்கிற கேள்வி சுற்றிச் சுற்றி ஒன்றுதான்: "இங்கே செஞ்சிருக்கீங்களா?" கட்டுமானத் துறையில், அதிலும் காசுக் கணக்குப் பார்க்கும் குவாண்டிட்டி சர்வேயர்களிடம், அது இன்னும் அழுத்தமாகவே வரும். நான் பாலிடெக்னிக் முடித்து இங்கே கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். அப்புறம் சிட்னிக்குப் போய் பத்து வருஷத்துக்குப் பக்கம் முழுத் திட்டத்தையும் ஏற்று நடத்தும் மெயின்கான் கம்பெனிகளில் கிளெய்ம், வி.ஓ. எனும் மாற்றுப் பணி, இறுதிக் கணக்கு என்று அதிலேயே கிடந்தேன். அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் குடும்பத்தோடு திரும்பி வந்துவிட்டோம். வீவக வீட்டில் பெட்டிகளைப் பிரிக்கும்போதே வேலைக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்தேன்.

போன இடத்தில் எல்லாம் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் பேச்சு ஒரே இடத்தில் வந்து நின்றுவிடும். "ஆஸ்திரேலியா வேற மாதிரி. இங்கே அரசாங்க வேலைக்கு பி.எஸ்.எஸ்.சி.ஓ.சி., தனியார் வேலைக்கு எஸ்.ஐ.ஏ. ஒப்பந்தம், எஸ்.ஓ.பி. சட்டம், இதெல்லாம் பழகவே ஒரு வருஷம் ஆகும்." இப்படிச் சொல்லிவிட்டு, பத்து வருஷத்தை மூன்று வருஷமாகக் கணக்குப் போட்டுச் சம்பளம் சொல்வார்கள். சில இடங்களில் அதுவும் இல்லை.

இதில் எனக்கு ரொம்ப உறுத்தியது என்னவென்றால், அவர்கள் கடைசியாகச் சொல்லும் அந்த எஸ்.ஓ.பி. சட்டம் சிட்னியிலிருந்து வந்தது. கட்டுமானத்தில் வேலை செய்தவனுக்குக் காசு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1999-இல் ஒரு சட்டம் போட்டது. அதற்கு முன்னால் பிரிட்டனில் 1996-இல் ஒன்று வந்திருந்தது. சிங்கப்பூர் 2004-இல் தன் சட்டத்தை எழுதியபோது முன்மாதிரியாக வைத்துக்கொண்டது நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தைத்தான். 2005 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இரண்டுக்கும் பெயர்கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். நான் தினமும் கையில் வைத்திருந்த சட்டத்தின் தம்பி இங்கே இருக்கிறது, அந்தத் தம்பியை எனக்குத் தெரியாது என்கிறார்கள்.

ஆனாலும் இதை அப்படியே இண்டர்வியூவில் சொன்னால் வேலைக்கு ஆகாது. "உங்க சட்டமே அங்கிருந்து வந்ததுதான்" என்று சொன்னால் கேட்கிறவருக்கு எரிச்சல்தான் வரும், அவருடைய பயம் அப்படியே இருக்கும். அந்தப் பயம் எது என்று எனக்குப் புரியவைத்தவர் காக்கி புக்கிட்டில் மெயின்கான்களிடமிருந்து சீலிங், பார்ட்டிஷன் வேலை எடுக்கும் ஒரு சப்கான் அண்ணன். கோப்பிக்கடையில் உட்கார்ந்து என் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, நான் கிளெய்ம் போட்டா மெயின்கான் எதுக்குப் பயப்படுவான் தெரியுமா? தொகைக்கு இல்ல. நாளுக்கு. தேதி தவறிட்டா அவன் வாயையே திறக்க முடியாது. உன்னை வேலைக்கு எடுக்கிறவன், நீ அந்த நாளைக் கோட்டை விடுவியான்னுதான் பார்க்கிறான்."

நூற்றுக்கு நூறு உண்மை. ஒரு சப்கான் மாதக் கிளெய்ம் கொடுத்துவிட்டால், எவ்வளவு தருகிறோம், குறைத்தால் ஏன் குறைக்கிறோம் என்று மெயின்கான் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். அதுதான் பேமெண்ட் ரெஸ்பான்ஸ். ஒப்பந்தம் இதற்கு எத்தனை நாள் என்று சொல்லலாம், ஆனால் 21 நாளைத் தாண்டக் கூடாது. எதுவும் சொல்லவில்லை என்றால் 14 நாள்தான். அந்தப் பதிலில் எழுதாத காரணத்தைப் பிறகு, தகராறை ஒரு தீர்ப்பாளர் விரைவாக முடிவு செய்யும் அட்ஜுடிகேஷனில் தூக்கிக்கொண்டு வர முடியாது. சீலிங் கோணலாக இருந்தது, சப்கான் குப்பையை அள்ளாமல் போனான், வி.ஓ.வுக்கு எழுத்து உத்தரவே இல்லை, எல்லாம் நிஜமாகவே இருக்கலாம். கெடுவுக்குள் காகிதத்தில் ஏறவில்லை என்றால் தீர்ப்பாளர் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் கைகட்டி வைத்திருக்கிறது. 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, பார்த்த மாத்திரத்தில் தெரிகிற பிழைகளை அவர் கவனிக்கலாம். இப்படி ஒரு தேதி தவறியதால் பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்த கம்பெனியின் மேலாளர், சிட்னியிலிருந்து வந்தவனைச் சந்தேகமாகப் பார்ப்பதில் தப்பே இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

அதற்கப்புறம் ரெஸ்யூமேயை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் முதல் வரி இப்படி இருந்தது: "பெரிய மருத்துவமனைத் திட்டத்தில் ஏ.எஸ். 4000 ஒப்பந்தத்தின் கீழ் மாதாந்திரக் கிளெய்ம்களுக்கும் மாற்றுப் பணிகளுக்கும் பொறுப்பு." சிட்னியில் இதைப் படிக்கிறவருக்கு எல்லாம் புரிந்துவிடும். இங்கே அந்த ஒப்பந்தத்தின் பெயரே யாருக்கும் ஒன்றும் சொல்லாது, "பொறுப்பு" என்பதும் ஒன்றும் சொல்லாது. மாற்றி எழுதியது இது: "மெயின்கான் தரப்பில், சப்கான் கிளெய்ம்களுக்குச் சட்டக் கெடுவுக்குள் பதில் தயாரித்தேன் (சிங்கப்பூரின் பேமெண்ட் ரெஸ்பான்ஸுக்கு இணையானது, நியூ சவுத் வேல்ஸ் 1999 சட்டம், 10 வேலை நாள் கெடு). ஒவ்வொரு குறைப்புக்கும் காரணமும் கணக்கும் எழுதினேன். அட்ஜுடிகேஷனுக்குப் போனவற்றில் கம்பெனியின் பதிலைத் தயாரித்தேன்." நீளம்தான். ஆனால் அந்த அண்ணன் சொன்ன பயத்துக்கு இதில் நேரடிப் பதில் இருக்கிறது, அதுவும் சிங்கப்பூரில் புழங்கும் சொல்லிலேயே. திட்டத்தின் பெயரையும் மதிப்பையும் கீழே தள்ளிவிட்டேன், ஏனென்றால் எத்தனை மில்லியன் என்பது இங்கே யாருடைய தூக்கத்தையும் கெடுக்கவில்லை.

அடுத்தது, நாள் கணக்கு. இரண்டு சட்டமும் ஒரே குடும்பம் என்றாலும் நாளை எண்ணும் முறை வேறு, திரும்பி வருகிறவர்கள் வழுக்கி விழக்கூடிய இடமும் அதுதான். நியூ சவுத் வேல்ஸில் வேலை நாள் கணக்கு: சனி, ஞாயிறு, பொது விடுமுறை, டிசம்பர் 27 முதல் 31 வரை, எதுவும் சேராது. சிங்கப்பூரில் பொது விடுமுறையைத் தவிர எல்லா நாளும் நாள்தான். ஞாயிறு எண்ணப்படும், தீபாவளி எண்ணப்படாது. சிட்னி பழக்கத்தில் "வாரக் கடைசி போகட்டும், திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று இருந்தால் இரண்டு நாள் ஏற்கெனவே கழிந்திருக்கும்.

ஒரு கிளெய்மை வைத்தே பார்ப்போம். சப்கான் செப்டம்பர் 1, திங்கட்கிழமை 100,000 வெள்ளிக்குக் கிளெய்ம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிட்னியில் இருந்தால் 10 வேலை நாள், அதாவது செப்டம்பர் 15-க்குள் பதில் போக வேண்டும். போகவில்லை என்றால் முழுத் தொகையும் கடனாகிவிடும், சப்கான் நேராக நீதிமன்றத்துக்குப் போய்த் தீர்ப்பு வாங்கிக்கொள்ளலாம். இங்கே ஒப்பந்தம் 21 நாள் கொடுத்திருந்தால் செப்டம்பர் 22 வரை நேரம் இருக்கிறது. அதற்கப்புறம் இருதரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ள 7 நாள், செப்டம்பர் 29 வரை. இந்த 7 நாள் சிட்னி சட்டத்தில் கிடையாது. அங்கிருந்து வருகிறவர்கள் இதைத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும். அதற்குள் தீரவில்லை என்றால் சப்கான் அட்ஜுடிகேஷனுக்கு விண்ணப்பிக்க 7 நாள், அக்டோபர் 6 வரை. அந்த ஏழில் வரும் சனி ஞாயிறும் சேர்த்துத்தான். விண்ணப்பிக்கும் முன் மெயின்கானுக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட வேண்டும். அங்கே விண்ணப்பம் போக வேண்டிய அமைப்புகள் பல, இங்கே சிங்கப்பூர் மீடியேஷன் சென்டர் ஒன்றுதான். விண்ணப்பத்தின் நகல் மெயின்கான் கைக்கு வந்தபின் அவருக்குப் பதில் சொல்லவும் 7 நாள்தான். பதிலே கொடுக்காமல் விட்டாலும் இங்கே சப்கான் நேராக நீதிமன்றத்துக்குப் போக முடியாது, அட்ஜுடிகேஷன் வழியாகத்தான் போக வேண்டும்.

இதை ஒரு தாளில் இரண்டு கோடாக வரைந்தேன். மேல்கோடு சிட்னி, கீழ்கோடு சிங்கப்பூர். அதே தாளை அடுத்த இண்டர்வியூவுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே காண்ட்ராக்ட்ஸ் மேனேஜர் ஒரு தமிழர், என்னைவிட மூத்தவர். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, நடுவில் தமிழுக்கு வந்துவிட்டார். வழக்கமான கேள்விதான். நான் தாளை மேசையில் வைத்து, "சார், எனக்கு எது தெரியாதுன்னு முதல்ல சொல்லிடுறேன்" என்றேன். இங்கத்து விலைவாசி தெரியாது. ஒரு சதுர மீட்டர் சீலிங்குக்கு இன்றைக்கு இங்கே என்ன ரேட் என்று கேட்டால் கொட்டேஷன் பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆள் கூலியின் கட்டமைப்பே வேறு. அங்கே மணிக் கணக்கு, யூனியன் ஒப்பந்தம். இங்கே சம்பளத்தோடு மாதா மாதம் லெவி, தங்குவிடுதிச் செலவு, வேலை நின்றாலும் இரண்டும் ஓடிக்கொண்டே இருக்கும். தாமதத்துக்கு நஷ்டம் கணக்குப் போடும்போது இது பெரிய வித்தியாசம். பி.எஸ்.எஸ்.சி.ஓ.சி.யில் கால நீட்டிப்புக்கான 14-ஆம் பிரிவையும் மாதப் பணத்துக்கான 32-ஆம் பிரிவையும் படித்திருக்கிறேன், கையாண்டதில்லை. இவ்வளவையும் சொன்னேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. தாளைத் தன் பக்கம் திருப்பி, கீழ்கோட்டில் விரலை வைத்துக்கொண்டு போனார். "ஞாயித்துக்கிழமை சேருமா?" என்றார். சேரும் என்றேன். "நடுவுல தீபாவளி வந்தா?" ஒரு நாள் தள்ளும் என்றேன். அப்புறம் ஒரு பேனாவைக் கொடுத்து, "சப்கான் நூறாயிரம் கேட்கிறான், நீங்க அறுபதாயிரம்தான் தருவீங்க. எழுதுங்க" என்றார்.

இதைத்தான் நான் எதிர்பார்த்துப் போயிருந்தேன். குறையும் 40,000 வெள்ளியை மூன்றாகப் பிரித்தேன். 25,000 ஒரு வி.ஓ.: உத்தரவு எண் கேட்கப்பட்டது, கொடுக்கப்படவில்லை, ஒப்பந்தப்படி எழுத்து உத்தரவு இல்லாத மாற்றுப் பணிக்கு மதிப்பு பூஜ்யம். 10,000 பழுது: எந்த மாடி, எந்த அறை, எத்தனை சதுர மீட்டர், பழுது அறிக்கையின் தேதி, சரிசெய்ய ஆகும் செலவின் கணக்கு. 5,000 பேக்சார்ஜ், அதாவது சப்கான் செய்யாத வேலையை நாங்கள் செய்து அவர் கணக்கில் கழிப்பது: குப்பை அள்ளியதற்கு, முன்கூட்டி அனுப்பிய நோட்டீஸின் தேதி, ஆள் எண்ணிக்கை, லாரி ரசீது. ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் வேண்டும்: எவ்வளவு குறைத்தேன், ஏன், எப்படிக் கணக்குப் போட்டேன். "வேலை திருப்தி இல்லை, 10,000 கழிக்கப்பட்டது" என்று ஒற்றை வரி எழுதினால் சிட்னியிலும் உதைக்கும், இங்கேயும் உதைக்கும். இந்தப் பழக்கம் எந்த ஊரில் வந்தது என்பது அந்தக் காகிதத்துக்குத் தெரியாது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் இன்னொன்று கேட்டார், நல்ல கேள்வி. "சப்கான் அனுப்பின காகிதம் கிளெய்ம்தான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" நியூ சவுத் வேல்ஸில் இப்போது கிளெய்மில் "இது இந்தச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்படுகிறது" என்ற வாசகம் இருந்தே ஆக வேண்டும். அந்த வாசகம் கண்ணில் பட்டதும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்துவிடும். சிங்கப்பூரில் அந்த வாசகம் தேவையில்லை. சட்டம் கேட்கும் விவரங்களோடு ஒப்பந்தப்படி வந்து சேர்ந்த ஒரு சாதாரண மாதக் கிளெய்மே போதும், நாள் ஓட ஆரம்பித்துவிடும். அதனால் இங்கே வரும் எந்தத் தொகைக் கோரிக்கையையும், அது மின்னஞ்சலில் ஒட்டிக்கொண்டு வந்தாலும் சரி, வந்த அன்றே முத்திரை குத்திப் பதிவேட்டில் ஏற்றி நாளை எண்ணத் தொடங்க வேண்டும் என்றேன். அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு தளர்வு வந்தது. அவர் கம்பெனியில் யாரோ ஒருவர் அந்த வாசகத்துக்காகக் காத்திருந்து மாட்டிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன், ஆனால் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அவர் முன் எழுதியது முழுக்கக் கற்பனைக் கணக்கு. பழைய கம்பெனியின் கிளெய்ம், ஒப்பந்தம், கடிதம் எதையும் பெயரை மறைத்துக்கூட எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அது ரகசியக் காப்பு விதியை மீறுவது என்பது ஒரு பக்கம். எதிரில் இருப்பவர், நாளைக்கு இவன் நம் காகிதத்தையும் இப்படித்தான் தூக்கிக்கொண்டு போவான் என்று நினைப்பார். காண்ட்ராக்ட்ஸ் வேலைக்கு அதைவிட மோசமான அறிமுகம் இல்லை. நீங்களே ஒரு போலிக் கிளெய்ம் செய்து, அதற்குச் சிங்கப்பூர் முறையில் ஒரு பதில் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரக் கடைசியில் முடிகிற வேலைதான்.

"கொடுக்க வேண்டியவர் எனக்குக் கொடுத்தால்தான் நான் உனக்குக் கொடுப்பேன்" என்ற நிபந்தனையைப் பற்றியும் பேசினோம். இரண்டு நாட்டுச் சட்டத்திலும் அது செல்லாது. ஆனால் இங்கே சின்ன சப்கான்களின் ஒப்பந்தங்களில் அதை இன்னும் எழுதித்தான் வைக்கிறார்கள் என்று அவரே சொன்னார். மெயின்கான் பக்கம் உட்கார்ந்துகொண்டு அதை நம்பிக் காசைப் பிடித்து வைத்தால் என்ன ஆகும் என்று நான் சிட்னியில் பார்த்தவன். இந்த மாதிரிப் பேச்சு வந்துவிட்டால் "லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ்" என்ற வார்த்தை தானாகப் பின்னால் போய்விடுகிறது, இரண்டு பேரும் ஒரே தொழில்காரர்களாகப் பேச ஆரம்பித்துவிடுகிறோம்.

எல்லாருக்கும் இப்படித் தமிழ் பேசுகிற, பேனாவைக் கையில் கொடுக்கிற மேனேஜர் கிடைக்க மாட்டார் என்பது தெரியும். பல இடங்களில் முதலில் பேசுவது மனிதவளப் பிரிவு. அவர்களுக்கு இந்த இரண்டு கோடும் புரியாது, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர்களிடம் சொல்ல வேண்டியது வேறு: ஏன் வந்தீர்கள், மறுபடி போவீர்களா. அதற்கு நீளமான கதை வேண்டாம். அம்மா இங்கே, பிள்ளைகள் இங்கே பள்ளியில், வீடு இங்கே. இந்த மூன்று வரியில் அந்தச் சந்தேகம் அடங்கிவிடும். அப்புறம் பழைய மேலாளரின் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் அவருடைய சம்மதத்தோடு தயாராக இருக்க வேண்டும். இங்கே இருந்தவர்களுக்கு மத்திய சேம நிதிக் கணக்கிலேயே வேலை வரலாறு தெரிந்துவிடும். நம் வெளிநாட்டு வருஷங்கள் அதில் வெற்றிடம், அதனால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ன பதவி என்று ஒவ்வொரு கம்பெனியிடமும் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே கடிதம் வாங்கிவிடுங்கள். கிளம்பிய பிறகு கேட்டால் அந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடும்.

எனக்கு அந்த இடத்தில் வேலை கிடைத்தது. சம்பளத்தில் அவர்கள் முழுப் பத்து வருஷத்தையும் ஒப்புக்கொள்ளவில்லை. விலைவாசி தெரியாது என்று நானே சொல்லியிருக்கிறேன், அதற்கு ஒரு கழிவு நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. ஆனால் அந்தக் கழிவு எப்போது முடியும் என்பதை எழுத்தில் கேட்டேன். "கொஞ்ச நாள் போகட்டும், பார்க்கலாம்" என்பதற்குப் பதிலாக, தகுதிகாண் காலம் முடியும்போது எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள் என்று கேட்டேன். மேனேஜரே யோசித்துச் சொன்னார்: என் கைக்கு வரும் கிளெய்ம்களில் ஒரு பதில்கூடக் கெடு தாண்டக் கூடாது, ஒரு பி.எஸ்.எஸ்.சி.ஓ.சி. திட்டத்தின் கால நீட்டிப்பு விண்ணப்பத்தை ஆரம்பத்திலிருந்து நானே தயாரிக்க வேண்டும், கொள்முதல் பிரிவோடு உட்கார்ந்து முக்கியமான வேலைகளின் ரேட் பட்டியலை நானே தொகுக்க வேண்டும். மூன்றும் நியமனக் கடிதத்தோடு வந்த மின்னஞ்சலில் இருந்தன. கிளெய்ம் பதிவேடு முதல் வாரமே ஆரம்பித்துவிட்டேன், கால நீட்டிப்பு விண்ணப்பமும் போயாகிவிட்டது. ரேட் பட்டியல் இன்னும் பாதியில் நிற்கிறது. எம் அண்ட் ஈ எனும் இயந்திர, மின்சார வேலைகளின் விலைக்கு எங்கள் கொள்முதல் அக்காவிடம் தினமும் போய் நிற்கிறேன், அவரும் அலுத்துக்கொள்ளாமல் பழைய கொட்டேஷன்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.